கிளி இல்லாத சீட்டுக்கட்டு

பிளஸ் டூ முடிவுகள் மே 9ஆம் தேதி வரும் என்றுதான் முதலில் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் முன்னதாக, 2025 மே 8 வியாழக்கிழமை காலை 9 மணிக்கே வெளியிடப்போவதாக அறிவிப்பு வந்ததும், கையிருப்பில் இருந்த ஒரு முழு நாளை யாரோ பிடுங்கிக்கொண்டதாகவே பாண்டிச்செல்விக்குத் தோன்றியது. அவளுடைய அம்மாவுக்கோ மகிழ்ச்சி தாளவில்லை. மதுரையில் அன்றுதான் மீனாட்சி திருக்கல்யாணம்.

"ஆத்தா கல்யாணத்தன்னைக்கு ரிசல்ட்டு வருதுன்னா சும்மாவா?" என்று முனிச்சாலைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் தாலிக்கயிறு மாற்றுவதற்காக மஞ்சள் கயிற்றையும் குங்குமத்தையும் தட்டில் எடுத்து வைத்தாள். மீனாட்சியின் திக்விஜய ஊர்வலத்தைப் பார்ப்பதற்காக அத்தையையும் கூட்டிக்கொண்டு மாசி வீதிக்குப் புறப்பட்டாள். அப்பா ஆட்டோவை எடுத்துக்கொண்டு மாலையிலேயே போய்விட்டார். திருவிழா நாட்களில் அவர் நள்ளிரவுக்கு முன் வீடு திரும்புவதில்லை. தலைவலி என்று சொல்லிச் செல்வி வீட்டிலேயே தங்கிவிட்டாள். உள்ளறைக் கட்டிலில் தாத்தா படுத்திருந்தார்.

செல்வியின் கூச்சம் அந்த வீட்டில் எல்லோரும் பழகிப்போன ஒன்று. மளிகைக் கடைக்கு அனுப்பினால் சாமான் பட்டியலை எழுதி எடுத்துப் போய், கடைக்காரரிடம் தாளை நீட்டிவிட்டு நிற்பாள். வகுப்பில் அவள் சொல்லும் 'உள்ளேன்' ஆசிரியைக்குக் கேட்பதேயில்லை; நிமிர்ந்து முகத்தைப் பார்த்துத்தான் வருகையைப் பதிவார். பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தில் வேறு யாரும் இறங்கவில்லையென்றால், நடத்துநரைக் கூப்பிடத் துணிவில்லாமல் அடுத்த நிறுத்தம் வரை போய் நடந்தே திரும்பியிருக்கிறாள். பார்ப்பவர்கள் இதையெல்லாம் அடக்கம் என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு அவளுக்கு எவ்வளவு கெடுதல் செய்தது என்பதை அவர்கள் அறிய மாட்டார்கள்.

வேதியியல் தேர்வில் நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்குக் கிடைத்த வினாத்தாளின் கடைசிப் பக்கத்தில் மை இழுபட்டு, 38ஆவது வினா முழுவதும் கறுப்புப் பட்டையாகக் கிடந்தது. ஐந்து மதிப்பெண் வினா அது. 'அ' அல்லது 'ஆ' என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்து எழுதலாம். அவளால் இரண்டையுமே படிக்க முடியவில்லை. எழுந்து நின்று, "வேற தாள் வேணும் மிஸ்" என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். கண்காணிப்பாளர் அவளுடைய பெஞ்சைத் தாண்டி இருமுறை நடந்து போனார். இரண்டு முறையும் அவளுடைய வலது கை மேசைக்கடியிலிருந்து பாதி எழுந்து மறுபடியும் மடிக்குத் திரும்பியது. மணி அடித்ததும் அந்தப் பக்கத்தை வெறுமையாகவே விட்டுத் தாளைக் கட்டிக் கொடுத்தாள்.

தேர்ச்சி பெறுவாளா என்ற கவலை அவளுக்கு இல்லை. கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்களில் அந்தப் படிப்புக்கு நீட் கிடையாது. உயிரியலில் நூறு, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி என்று கூட்டி 200க்கு வரும் கட்‌ஆஃப்தான் கணக்கு. வேதியியலில் ஐந்து போனால் கட்‌ஆஃபில் இரண்டரை போகும். அந்த இரண்டரைக்குள் எத்தனை பேர் நெருக்கியடித்து நிற்பார்கள் என்பதைத் தரவரிசைப் பட்டியலைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

அம்மாவும் அத்தையும் தெருமுனையைக் கடந்துவிட்டார்கள் என்று உறுதியான பிறகு, அவள் பரணிலிருந்து தாத்தாவின் தகரப் பெட்டியை இறக்கினாள்.

தாத்தா கிளி ஜோசியர். புதுமண்டபத்தின் அருகே சாக்கை விரித்து உட்கார்ந்து, மகனை வளர்த்து, இரண்டு மகள்களுக்குக் கல்யாணமும் செய்து வைத்தவர். கிளியை அடைத்து வைப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், பிடிபட்ட ஜோசியர்கள் அபராதம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், அவர் தானாகவே தன் கிளி மீனாவைக் கொண்டுபோய் ஒப்படைத்தார். செல்வி அப்போது ஐந்தாம் வகுப்பு. அதற்கு முந்தைய இரவு அவள் மீனாவைக் கையில் எடுத்து இறக்கையை விரித்துப் பார்த்தாள். நீண்ட பறப்பிறகுகள் எல்லாம் கத்தரிக்கோலால் ஒரே நேராக நறுக்கப்பட்டிருந்தன. நறுக்கிய தண்டுகளின் முனை விரலில் குத்தியது. இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும்போது கிளி மறுபடியும் பறக்கும் என்பதை அவள் பல வருடங்கள் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டாள். அவளுடைய ஆசைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பெட்டிக்குள் மஞ்சள் துணியில் சுற்றிய சீட்டுக்கட்டு இருந்தது. நட்சத்திரத்துக்கு ஒன்றாக 27 சீட்டுகள். தடித்த அட்டையை இரண்டாக மடித்து, உள்ளே சாமி படம் ஒட்டியிருந்தார்கள். மீனாவின் அலகு பற்றி இழுத்த மூலைகள் மட்டும் வெளிறி, நார் பிரிந்திருந்தன. ஓரிரண்டு அட்டைகளின் இடுக்கில் நெல் உமி ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் கூடத்து விளக்கின் கீழே உட்கார்ந்து கட்டைக் கலைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவினாள். வேளாங்கண்ணி மாதா. நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. இன்னொன்று எடுத்தாள். மரவுரி தரித்த ராமரும் சீதையும் லட்சுமணரும் கங்கைக் கரையில் நின்றார்கள். வனவாசச் சீட்டு. அவளுக்கு நெஞ்சு திக்கென்றது. அதைக் கட்டின் அடியில் செருகிவிட்டு மூன்றாவது சீட்டை உருவப் போகையில் உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"ஒரு பேருக்கு ஒரு சீட்டுத்தேன், தாயி."

அவள் கட்டை மடிக்குள் ஒளித்தாள். தாத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து எதிரே உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் கையை நீட்டினார். வாங்கிய கட்டை, தொழில் செய்த காலத்தைப் போலவே வரிசையாக ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து அடுக்கினார். விரல்களில் நடுக்கம் இருந்தது, அடுக்கில் பிசகு இல்லை.

"யாருக்குப் பாக்கணும்? பேரச் சொல்லு."

"என்ன தாத்தா, தெரியாத மாதிரி..."

"பேரச் சொல்லாம எந்தக் கிளியும் சீட்டு எடுக்காது. கலெக்டரே வந்து உக்காந்தாலும் பேரு சொல்லணும்."

"செல்வி" என்றாள்.

"எனக்கே கேக்கல. முழுப்பேரு."

"பாண்டிச்செல்வி."

"பாண்டிச்செல்வி பேருக்கு என்ன கேள்வி?"

அவள் பேசவில்லை. வெகுதொலைவில், மாசி வீதிப் பக்கத்திலிருந்து, மேளச் சத்தம் வந்து வந்து அடங்கியது. தாத்தா அவசரப்படவில்லை. அவருடைய தொழிலில் பாதி இப்படிக் காத்திருப்பதுதான். எதிரே உட்கார்ந்திருப்பவர் தயங்கும் நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்காமல் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருப்பார். இப்போதும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் தன்னை உற்றுப் பார்க்காதபோது சொல்வது செல்விக்கும் எளிதாக இருந்தது. கறுப்புப் பட்டையைச் சொன்னாள். பாதி எழுந்த கையைச் சொன்னாள். தேர்வு முடிந்து வெளியே வந்ததும் தோழிகள் 38ஆவது கேள்வி சுலபம் என்று பேசிக்கொண்டதையும், தானும் தலையாட்டியதையும் சொன்னாள். கட்‌ஆஃப் கணக்கைத் தொடங்கி, இரண்டரை என்று முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

தாத்தா ஒரு சீட்டையும் எடுக்கவில்லை.

"சீட்டு எடுங்க தாத்தா."

"எதுக்கு? அதான் நீயே எடுத்துட்டியே." அடுக்கின் அடியிலிருந்து வனவாசத்தை உருவி அவள் முன் விரித்து வைத்தார். "இந்தச் சீட்டு வந்தா நான் என்ன சொல்லுவேன் தெரியுமா? கஷ்டம் வந்துபோச்சு, ஆனா கூட ஆளு இருக்குன்னு சொல்லுவேன். படத்துல பாரு, மூணு பேரு நிக்கிறாக."

"இது நெசமா தாத்தா? சீட்டு சொல்றது?"

அவர் சற்று நேரம் யோசித்தார். பொய் சொல்லிப் பேத்தியைத் தேற்றிவிடலாம். அவர் அதைச் செய்யவில்லை.

"கிளிக்கு நெல்லுதேன் தெரியும். எந்தச் சீட்டுல விரலு சொடக்குறேனோ அதை இழுக்கும். நாளைக்கு நடக்கப்போறதை நான் ஒரு நாளும் கண்டதில்ல. ஆனா வந்து உக்காந்த சனம், வீட்டுல ஒருத்தருகிட்டயும் சொல்லாததை எங்கிட்டச் சொல்லிட்டுப் போச்சு. குறுக்க ஒரு கிளி இருந்ததால சொல்லிட்டாக. அம்புட்டுத்தேன் தொழிலு." துணியை எடுத்துக் கட்டைச் சுற்றத் தொடங்கினார். "மத்த கேள்வி எல்லாம் எழுதினியா?"

"எழுதினேன்."

"அப்பப் போய்ப் படு."

காலையில் தொலைக்காட்சியில் திருக்கல்யாணம் ஓடிக்கொண்டிருந்தது. மங்கல நாண் பூட்டிய நேரத்தில் அம்மா புதுக்கயிறு மாற்றிக்கொண்டு, அந்தக் கையோடு செல்வியின் நெற்றியிலும் குங்குமம் வைத்தாள். ஒன்பது மணிக்கு அப்பாவின் கைப்பேசியில் tnresults.nic.in திறக்கவில்லை, ஆறேழு முறை அழுத்திய பிறகு திறந்தது. உயிரியல் 98. இயற்பியல் 95. வேதியியல் 94. அவள் மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தாள்: 192.5.

"வேதியியல் ஏன் கொறஞ்சிருக்கு?" என்று அப்பா கேட்டார். குறை சொல்லும் தொனி அதில் இல்லை. இருந்தாலும் நேற்றைய செல்வியாக இருந்தால் தலையைக் குனிந்துகொண்டிருப்பாள். இன்று வினாத்தாளைப் பற்றி அவரிடமும் சொன்னாள். இரண்டாவது முறை சொல்லும்போது கதை சிறியதாக இருந்தது. அம்மா திகைத்துப்போய், "ஒரு வார்த்தை கேக்கறதுக்கென்னடி?" என்றாள். அதற்குச் செல்வியிடம் பதில் இல்லை.

பத்தரை மணிக்குப் பள்ளி அலுவலகத்தில் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குக் கால்நடை மருத்துவத்திலும் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்கான சான்றிதழை வாங்கத்தான் அவள் வந்திருந்தாள். எல்லோரும் எழுத்தரைச் சுற்றி ஒரே நேரத்தில் பேசினார்கள். அவள் பின்வரிசையில் நின்று, இரண்டு பிள்ளைகள் விலகிய இடைவெளியில் உள்ளே புகுந்து, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், ஏழரை சதவீத சர்ட்டிபிகேட்டு வேணும்."

எழுத்தர் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "யாரும்மா அது? சத்தமாச் சொல்லு."

"ஏழரை சதவீத சர்ட்டிபிகேட்டு வேணும் சார். ஆறாவதுல இருந்து இதே ஸ்கூலு. பேரு பாண்டிச்செல்வி."