2025 ஜூலை முதல் 2030 ஜூன் வரை: என் வேலைத் திட்டம்

நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 73 வேலை விளம்பரங்களைப் படித்து எக்செல்லில் ஏற்றிவிட்டேன். ஒரே வேலையை நாலு கன்சல்டன்சி போட்டிருந்ததைக் கழித்தால் மிச்சம் 58. கோயம்புத்தூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் மூன்று இடம்தான் பார்த்தேன். அதில் 22 குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை, அதாவது பாகங்களை அளந்து சோதிப்பது, நான் இப்போது பார்ப்பது. 36 குவாலிட்டி இன்ஜினியர், சப்ளையர் குவாலிட்டி வேலை, நான் போக வேண்டியது. அந்த 36ஐ வைத்துத்தான் இந்தத் திட்டம்.

ஆரம்பிக்கும்போது பாகங்களை அளக்கும் சிஎம்எம் மெஷினுக்கு புரோகிராமிங் தெரியாததுதான் என் குறை என்று நினைத்தேன், அதற்கு கோர்ஸ் ஃபீஸ் கூட விசாரித்து வைத்திருந்தேன். எண்ணிப் பார்த்தால் 36இல் 11தான் அதைக் கேட்கிறது. குறைபாடுகளைக் குறைக்கும் சிக்ஸ் சிக்மா முறை 9, அதிலும் 7 இடத்தில் 'இருந்தால் நல்லது' அவ்வளவுதான். புது பார்ட்டைத் திட்டமிடும் ஏபிக்யூபி, அதற்கு கஸ்டமரிடம் அப்ரூவல் வாங்கும் பிபேப் 29. கஸ்டமர் கம்ப்ளைன்ட், அதை எட்டுப் படியில் தீர்க்கும் எட்டு-டி 27. உற்பத்தியைப் புள்ளிவிவரத்தில் கவனிக்கும் எஸ்பிசி, அளக்கும் முறையையே சோதிக்கும் எம்எஸ்ஏ 24. ஆக, கோர்ஸுக்கு எடுத்து வைத்த பணம் அப்படியே இருக்கட்டும்.

இதில் என்னை யோசிக்க வைத்தது, இந்த வார்த்தை எதுவும் எனக்குப் புதிது இல்லை என்பதுதான். ஆறு வருஷமாக இதற்குள்தான் இருக்கிறேன். அளக்கும் கருவியை நம்பலாமா என்று பார்க்கும் கேஜ் ஆர் அண்ட் ஆர் எடுக்கும்போது 10 பீஸ், 3 ஆள், ஆளுக்கு 3 முறை, மொத்தம் 90 ரீடிங். அதில் 30 என் கையால் எடுத்தது. ஆனால் அந்த 90ஐ ஷீட்டில் போட்டு, அளவீட்டு வேறுபாடு 10 சதவீதத்துக்குள் வந்தால் சரி, 30ஐத் தாண்டினால் அந்த கேஜை நம்பக்கூடாது என்று முடிவு சொல்கிற இடத்தில் நான் ஒருநாளும் இருந்ததில்லை. எட்டு-டியும் அப்படித்தான். டி3இல் ஸ்டாக்கைப் பிரித்து, நல்லது கெட்டது பார்த்து எண்ணிக்கை கொடுப்பது நான். டி4இல் மூல காரணம் எழுதுவது இன்ஜினியர். இன்ஸ்பெக்டர் விளம்பரத்தில் 'அளக்க, பதிவு செய்ய' என்று இருக்கிறது, இன்ஜினியர் விளம்பரத்தில் 'முடிக்க, சமர்ப்பிக்க, மறுபடி வராமல் தடுக்க' என்று இருக்கிறது. என் இடைவெளி அதுதான்.

அதனால் முதல் வருஷம் முழுக்க இருக்கிற கம்பெனியிலேயே. 2026 ஜூனுக்குள் நாலு கேஜுக்கு ஆர் அண்ட் ஆர் நானே கணக்குப் போட்டு முடிக்க வேண்டும், மாதம் ஒரு எட்டு-டி டி4இலிருந்து டி7 வரை நான் வரைவு எழுதி இன்ஜினியரிடம் திருத்தி வாங்க வேண்டும், அதையும் ஆங்கிலத்திலேயே. 36இல் 19 பேர் ஆங்கிலம் கேட்கிறார்கள், தனியாக ஸ்போக்கன் இங்கிலீஷ் போவதைவிட இது எனக்கு உதவும்.

அப்புறம் டிகிரி. இதைத் தள்ளிப்போட்டே ஆறு வருஷம் போய்விட்டது. 21 விளம்பரம் பி.இ. மட்டும்தான் வேண்டும் என்கிறது, டிப்ளமோவும் சரி என்பது 15தான். பார்ட் டைம் பி.இ. ஏழு செமஸ்டர், மாலை வகுப்பு. 2026இல் சேர்ந்தால் 2030 தொடக்கத்தில் முடியும். இரண்டாவது ஷிஃப்ட் வந்தால் வகுப்பு போய்விடும், அதனால் மேனேஜர் சாரிடம் முதல் ஷிஃப்ட் அல்லது ஜெனரல் ஷிஃப்ட் கேட்க வேண்டும். தரவில்லை என்றால் சம்பளம் கூடாவிட்டாலும் பரவாயில்லை, ஜெனரல் ஷிஃப்ட் உள்ள வேறு இடம் கோயம்புத்தூரிலேயே பார்ப்பேன். பாப்பா எல்கேஜி சேர்வதும் அதே வருஷம். வீட்டில் பேசிவிட்டேன், அந்த மூன்றரை வருஷம் புது வண்டி, புது லோன் எதுவும் கிடையாது.

2027, 2028 இரண்டும் பிபேப்புக்கு. அந்த ஃபைலின் 18 ஐட்டத்தில் டைமென்ஷன் ரிப்போர்ட் ஒன்றுதான் இப்போது என் கையால் போகிறது. ஒரு புது பார்ட்டுக்காவது கன்ட்ரோல் பிளான், எங்கே என்ன தவறலாம் என்று முன்கூட்டியே பார்க்கும் எஃப்எம்இஏ உட்பட முழு ஃபைலும் நானே சேர்த்து, கஸ்டமரிடம் அப்ரூவல் வாங்கும் வரை கூடவே நிற்க வேண்டும். வாகனத் துறையின் தரநிலையான ஐஏடிஎஃப் 16949 இன்டர்னல் ஆடிட்டர் பயிற்சிக்கும் அப்போது பெயர் கொடுப்பேன்.

2029இல் சப்ளையர் குவாலிட்டி வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்குவேன், டிகிரி முடிய நாள் இருந்தாலும். 12 விளம்பரம் காஸ்டிங், மெஷினிங் சப்ளையர்களைக் கையாளத் தெரிந்தவர் வேண்டும் என்கிறது. இது என்னிடம் இருக்கிறது. காஸ்டிங் வார்க்கும் ஃபவுண்டரிக்கு நேரில் போய் வாயுவால் வந்த புளோ ஹோல் எது, சுருக்கம் எது என்று உடைத்துப் பார்த்த அனுபவம் பயோடேட்டாவில் இன்றுவரை ஒரு வரி கூட இல்லை, அதை இந்த வாரமே எழுதிவிடுகிறேன்.

ஒவ்வொரு ஜனவரியும் 30 விளம்பரம் புதிதாக எடுத்து இதே ஷீட்டில் பக்கத்தில் போட்டுப் பார்ப்பேன். இப்போது பேட்டரி, இ.வி. கேட்பது 5தான், அது 15 ஆனால் மூன்றாம் வருஷத்தை மாற்றுவேன்.

திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்ததும் மேனேஜர் சாரைப் பார்க்கிறேன். துளை அளக்கும் போர் டயல் கேஜின் போன வருஷ ஆர் அண்ட் ஆர் ஷீட்டையும், இந்த வருஷம் அதை நானே எடுக்க அனுமதியையும் கேட்கப்போகிறேன்.