சீனாவில் 1949 எப்படி வந்தது: எது முதலில், எது பிறகு

சீனாவில் கம்யூனிஸ்டுகள் எப்படி ஜெயித்தார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. விவசாயிகள் ஏழைகள், பண்ணையார்கள் கொடுமைக்காரர்கள், அதனால் புரட்சி வெடித்தது. கல்லூரியில் வரலாறு படிக்கும் என் அண்ணன் மகளும் போன வாரம் தேர்வுக்கு இப்படித்தான் எழுதி வைத்திருந்தாள். தப்பான பதில் இல்லை, ஆனால் இது எதையும் விளக்குவதில்லை என்று அவளிடம் சொன்னேன். சீன விவசாயி பல நூறு வருடமாக ஏழைதான். பஞ்சமும் கலகமும் மாறி மாறி வந்தன, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தைப்பிங் கலகத்தில் மட்டும் ஏறத்தாழ 2 கோடி பேர் செத்தார்கள், அப்போதும் மன்னராட்சி விழவில்லை. அப்படியென்றால் இந்த முறை மட்டும் ஏன்? அதற்குக் காரணங்களை வந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த வரிசை மாறியிருந்தால் முடிவும் மாறியிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் அரசு உடைந்தது. 1911இல் தொடங்கிய புரட்சியில் சிங் வம்சம் போனது, குடியரசு வந்தது, ஆனால் 1916இல் அதன் அதிபர் யுவான் ஷிகாய் இறந்ததும் நாடு ராணுவத் தளபதிகளின் கையில் துண்டு துண்டாகப் போய்விட்டது. ஒவ்வொருவரும் ஒரு படை வைத்துக்கொண்டு, ஒரு மாகாணத்தைப் பிடித்துக்கொண்டு, வரி வசூலித்தார்கள். சில இடங்களில் இன்னும் பிறக்காத வருடங்களுக்கான வரியைக்கூட முன்கூட்டியே வாங்கினார்கள். இதைவிட ஆழமான ஒரு மாற்றம் ஊருக்குள் நடந்தது, அதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய காலத்தில் அரசுத் தேர்வு எழுதிப் பட்டம் வாங்கிய படித்த குடும்பங்கள்தான் கிராமத்துக்கும் அரசுக்கும் நடுவில் இருந்தன. அவர்கள் நல்லவர்கள் என்று சொல்லவில்லை, ஆனால் ஊரில் பெயர் கெடக்கூடாது என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. 1905இல் அந்தத் தேர்வு முறையை ஒழித்துவிட்டார்கள். படித்த குடும்பங்கள் மெல்ல நகரத்துக்குப் போய்விட, அந்த இடத்தில் வரித் தரகர்களும் அடியாள் வைத்திருந்தவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். விளைச்சலில் பாதியை வாரமாகக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் வரியும் வட்டியும் கட்டுகிற குத்தகைக்காரனுக்கு, முறையிடக்கூட ஊரில் ஆள் இல்லாமல் போனது.

அடுத்தது, கட்சி நகரத்திலிருந்து துரத்தப்பட்டது. சீனக் கம்யூனிஸ்ட் கட்சி 1921இல் ஷாங்காயில் தொடங்கியபோது மொத்த உறுப்பினர்கள் ஐம்பது சொச்சம் பேர், பெரும்பாலும் படித்தவர்கள். தொழிலாளர்களைத் திரட்ட வேண்டும், தேசியவாதிகளின் கோமிந்தாங் கட்சியோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதுதான் மாஸ்கோ சொன்ன வழி. அப்படியே செய்தார்கள். 1927 ஏப்ரல் 12 அன்று கோமிந்தாங் தலைவர் சியாங் கை ஷேக் ஷாங்காயில் தன் கூட்டாளிகளையே வெட்டிச் சாய்த்தார். அந்த வருடம் கம்யூனிஸ்டுகளும் தொழிற்சங்கக்காரர்களும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைகள் நடக்காமல் இருந்திருந்தால், மார்க்ஸைப் படித்துவிட்டு ஆலைவாசலில் நின்ற அந்தக் கட்சி கிராமத்துப் பக்கம் இவ்வளவு முழுமையாகத் திரும்பியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஹூனான் விவசாயிகள் எழுந்து வருவதை அதே வருடத் தொடக்கத்தில் நேரில் பார்த்துவிட்டு மாவோ அறிக்கை எழுதினார், அப்போது கட்சிக்குள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. செப்டம்பரில் அவர் நடத்திய எழுச்சி தோற்றது. மிச்சமிருந்த ஏறத்தாழ ஆயிரம் பேரோடு ஜிங்காங் மலைக்கு ஏறினார்.

மலையில் கற்றுக்கொண்டது என்ன? சீனாவில் சிப்பாய் என்றால் கொள்ளைக்காரன் என்றுதான் அர்த்தம். படை வருகிறது என்றால் கோழியையும் பெண் பிள்ளைகளையும் ஒளித்து வைப்பார்கள். கம்யூனிஸ்டுகள் தங்கள் செம்படைக்குப் போட்ட விதிகளைப் பாருங்கள்: மக்களிடமிருந்து ஊசி நூல்கூட எடுக்காதே, வாங்கியதற்குக் காசு கொடு, இரவல் வாங்கினால் திருப்பிக் கொடு, படுக்கக் கழற்றிய கதவைத் திரும்ப மாட்டு, விரித்த வைக்கோலைக் கட்டி வை. கதவும் வைக்கோலும் விதிப் புத்தகத்தில் ஏறுகிறது என்றால், எழுதியவர்களுக்கு ஒரு குடியானவன் வீட்டில் எது வலிக்கும் என்று தெரிந்திருக்கிறது.

சரி, இதோடு ஜெயித்துவிட்டார்களா என்றால் இல்லை, இங்கேதான் வழக்கமான பதில் உடைகிறது. 1931இல் தெற்கே ஜியாங்சி மாகாணத்தில் தங்களுக்கென்று தனி சோவியத் குடியரசே அறிவித்தார்கள். நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். சொந்தத் தோழர்களையே துரோகி என்று சந்தேகப்பட்டுக் கொன்ற கொடுமையும் அங்கே நடந்தது. ஏழை விவசாயி இருந்தான், நிலச் சீர்திருத்தம் இருந்தது, ஒழுங்கான படை இருந்தது. ஆனாலும் சியாங்கின் அரசு நடத்திய ஐந்தாவது முற்றுகையில், சுற்றிலும் கோட்டைபோல் காவல் அரண்களைக் கட்டி நெருக்கியபோது, தோற்றார்கள். 1934 அக்டோபரில் ஏறத்தாழ 86,000 பேர் கிளம்பிய நெடும்பயணத்தில் ஒரு வருடம் கழித்து வடக்கே ஷான்சி போய்ச் சேர்ந்தது பத்தாயிரத்துக்கும் குறைவு. வறுமை, நிலம், கட்சி மூன்றும் சேர்ந்தும் போதவில்லை, எதிரே முழு பலத்தோடு ஒரு அரசு நின்றால்.

அந்த அரசை முறித்தது ஜப்பான். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய காரணம். 1931இல் வடகிழக்கே மஞ்சூரியா ஜப்பான் கைக்குப் போனது. 1936 டிசம்பரில், கம்யூனிஸ்டுகளை ஒரேயடியாக முடித்துவிட வந்த சியாங்கை அவருடைய தளபதி ஜாங் ஷுயேலியாங்கே சியான் நகரில் சிறைபிடித்து, முதலில் ஜப்பானோடு சண்டை போடுங்கள் என்று கட்டாயப்படுத்தினார். 1937 ஜூலையில் முழுப் போர் தொடங்கியது. ஷாங்காயில் சியாங் தன்னுடைய மிகச் சிறந்த படைகளை இறக்கி இழந்தார், டிசம்பரில் தலைநகர் நான்ஜிங் விழுந்து அங்கே நடந்தது உலகம் அறிந்த படுகொலை, அரசு மேற்கே சோங்சிங்குக்கு ஓடியது. பெரிய சண்டைகளில் அதிகம் செத்தவர்கள் கோமிந்தாங் சிப்பாய்கள்தான், அதை மறைத்துப் பேசுவது அநியாயம். ஆனால் விளைவு என்ன? வடக்குச் சமவெளியில் ஜப்பானியர்கள் ரயில் பாதையையும் நகரங்களையும் பிடித்தார்கள், பழைய அதிகாரிகள் ஓடிவிட்டார்கள், நடுவில் லட்சக்கணக்கான கிராமங்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. அந்தக் காலி இடத்துக்குள் கம்யூனிஸ்டுகள் நடந்து போனார்கள். 1937இல் 40,000 பேர் இருந்த கட்சி 1945இல் 12 லட்சத்தைத் தாண்டியது.

இங்கே தெலங்கானாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கேயும் பண்ணைக் கொடுமை இருந்தது, ஆயிரக்கணக்கான கிராமங்களில் விவசாயிகள் ஆயுதம் எடுத்தார்கள், 1948இல் ஆந்திரத் தோழர்கள் சீன வழியைத்தான் வாதாடினார்கள். ஆனால் அந்த செப்டம்பரில் ஹைதராபாத்துக்குள் நுழைந்தது இந்திய ராணுவம், உடையாத ஓர் அரசின் ராணுவம்.

காலி இடம் கிடைத்தது சரி, அதில் என்ன செய்தார்கள்? நிலப் பறிப்பை நிறுத்தி வைத்தார்கள். இது எனக்கு எப்போதும் ஆச்சரியம். குத்தகை வாரத்தில் கால் பங்கைக் குறை, வட்டிக்கு வரம்பு கட்டு, அதிகம் இருப்பவன் அதிக வரி கட்டட்டும், அவ்வளவுதான். பண்ணையாரையும் ஜப்பானுக்கு எதிரான அணியில் வைத்துக்கொண்டார்கள். ஊர்த் தேர்தலில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வேட்பாளருக்குப் பின்னால் வைத்த கிண்ணத்தில் பயறு போட்டு வாக்களித்தார்கள். விவசாயி சங்கம், பெண்கள் சங்கம், ஊர்க்காவல் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது ஏதாவது ஒன்றில் இருந்தார்கள். ஜப்பானியர்கள் ஊர் ஊராகக் கொளுத்தியபோது கம்யூனிஸ்டுகள் கையில் இருந்த பகுதிகள் பாதியாகச் சுருங்கின, அப்போதும் அந்த அமைப்புகள் முழுதாக அழியவில்லை. கொடுத்த சலுகை சின்னது, ஆனால் அடுத்த அறுவடையிலேயே கையில் தெரிந்தது. அதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று குடியானவன் கணக்குப் போட்டான்.

எதிர்ப்பக்கம் இருந்த சியாங்கின் அரசு அதே வருடங்களில் தன்னைத்தானே அழித்துக்கொண்டது. ஜப்பானைத் தடுக்க 1938இல் மஞ்சள் ஆற்றின் கரையை உடைத்துவிட்டார்கள், லட்சக்கணக்கானோர் செத்தார்கள். 1942-43இல் ஹெனானில் பஞ்சம், அப்போதும் தானிய வரி வசூல் நடந்தது. இளைஞர்களைக் கயிற்றில் கட்டிப் படைக்கு இழுத்துப் போனார்கள். போர்ச் செலவுக்கு நோட்டு அடித்து அடித்து, கடைசியில் 1948 ஆகஸ்டில் 30 லட்சம் பழைய யுவானுக்கு ஒரு தங்க யுவான் என்று புதுப் பணம் விட்டு, வீட்டில் இருக்கும் தங்கம் வெள்ளியை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்தார்கள். சில மாதத்தில் அந்தப் பணமும் குப்பையானது. சம்பளக்காரர், பேராசிரியர், சின்ன வியாபாரி என்று கம்யூனிசத்துக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாத நகரத்து மனிதர்கள் அன்றைக்குத்தான் அந்த அரசைக் கை கழுவினார்கள்.

கடைசியாகப் போர். 1945இல் மஞ்சூரியாவுக்குள் வந்த சோவியத் படை, ஜப்பானியர் விட்டுப் போன ஆயுதங்கள் கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைக்க வழி செய்தது. சியாங்குக்கு அமெரிக்காவின் பணமும் ஆயுதமும் வந்தன, ஆனால் அவர் படைகளை வடகிழக்கு நகரங்களுக்குள் அடைத்து வைத்து, சுற்றியிருந்த நாட்டுப்புறத்தை விட்டுவிட்டார். 1946-47இல் கட்சி மறுபடி நிலப் பிரிப்புக்குத் திரும்பியது. இந்த முறை ஊர்க் கூட்டங்களில் பண்ணையார்களை அடித்தே கொன்றார்கள், கொஞ்சம் வசதியான உழவனும் தப்பவில்லை. அதில் கலந்துகொண்டவன் இனித் திரும்ப முடியாது, பழையவர்கள் வந்தால் தன் தலை போகும் என்று அவனுக்குத் தெரியும். 1948இல் கம்யூனிஸ்ட் தளபதி லின் பியாவோ மஞ்சூரியாவின் சாங்சுன் நகரை முற்றுகையிட்டபோது பல்லாயிரம் சாதாரண மக்கள் பட்டினியில் செத்தார்கள், அதையும் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. நவம்பரில் மஞ்சூரியா முழுவதும் கைமாறியது. அந்தக் குளிர்காலத்தில் ஹுவாய்ஹாய் போரில் சீன அரசின் கணக்குப்படி 50 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் தானியமும் குண்டும் சுமந்தார்கள், அடிபட்டவர்களைத் தூக்கி வந்தார்கள். மக்கள் தங்கள் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியால் தள்ளித் தந்த வெற்றி இது என்று தளபதி சென் யி சொன்னார். 1949 ஏப்ரலில் யாங்சி ஆற்றைக் கடந்தார்கள், அக்டோபர் 1இல் பெய்ஜிங்கில் மக்கள் குடியரசு அறிவிக்கப்பட்டது.

அண்ணன் மகள் இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: வண்டி தள்ளினவங்களுக்கு நிலம் கிடைச்சுதா சித்தப்பா? கிடைத்தது. 1952 வாக்கில் நாடு முழுக்கப் பிரித்து முடித்தார்கள், கையில் பட்டாவும் கொடுத்தார்கள். 1956 முடிவதற்குள் ஏறத்தாழ எல்லாருடைய நிலமும் கூட்டுப் பண்ணைக்குள் போய்விட்டது.