முந்திய படம், பிந்திய படம்

பெரியப்பா வீட்டுக் கூடத்தில் இரண்டு படங்கள் அருகருகே தொங்கின. இடப்பக்கம் கொள்ளுப்பாட்டி தையல்நாயகி, தனியாக, கழுத்தில் காசுமாலையோடு. வலப்பக்கம் அவள் மகள் மரகதம், புதுக் கணவனோடு, கழுத்தில் அதே காசுமாலையோடு. அந்த வரிசையே ஒரு குற்றச்சாட்டு. தாயிடம் இருந்தது, கல்யாணத்துக்காக மகள் வாங்கிப் போட்டுக்கொண்டாள், திருப்பித் தரவில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே மரகதத்தின் வீட்டாரோடு மூன்று தலைமுறையாகப் பேச்சு இல்லாமல் போயிற்று.

மரகதத்தின் படத்துக்குப் பின்னால் கொள்ளுத்தாத்தா தன் கையால் 'சித்தார்த்தி ஆனி' என்று எழுதியிருந்தார். 1919, ஜூன் பாதிக்கு மேல். தையல்நாயகியின் படத்தில் எழுத்து எதுவும் இல்லை. சட்டத்துக்குள் அடங்குவதற்காக யாரோ அட்டையின் அடிப்பக்கத்தை வெட்டிவிட்டதால் ஸ்டூடியோவின் பெயரும் போய்விட்டது. ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் அதன் காலம் தெரியும். "1910 இருக்கும். கல்யாணமான புதிதில் எடுத்தது. கையைப் பாரேன், பஃப் வைத்த ரவிக்கை."

அந்தக் கையைத்தான் வாணி பார்த்துக்கொண்டே இருந்தாள். ரவிக்கை வெட்டித் தைப்பது அவள் தொழில். படங்களைச் செல்லரிக்காமல் காக்க வேண்டும் என்று சொல்லி, சட்டத்திலிருந்து பிரித்து ஸ்கேன் செய்ய பெரியப்பாவிடம் அனுமதி வாங்கியிருந்தாள். பெரியப்பா சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். படங்களைக் கொடுக்கும்போது இரண்டையும் துணியில் சுற்றி, கையெழுத்து வாங்காத குறையாக ஒப்படைத்தார்.

படம் பெரியது. கண்ணாடித் தகட்டை நேராகத் தாளின்மேல் வைத்து அச்செடுத்தது. அப்படி எடுத்த அச்சில் பெரிதாக்கும் வேலை இல்லை என்பதால் தகட்டில் இருந்த நுணுக்கம் எல்லாம் தாளில் அப்படியே இறங்கியிருந்தது. வாணி திரையில் பெரிதாக்கிக்கொண்டே போனாள். நூல் தெரிந்தது. லேஸின் முடிச்சு தெரிந்தது.

முகத்தைப் பார்த்து அவள் எதையும் முடிவு செய்யவில்லை. இருபதா நாற்பதா என்று அந்த முகம் பிடி கொடுக்கவில்லை. ஸ்டூடியோக்காரர்கள் தகட்டின்மேல் பென்சிலால் தொட்டுத் தொட்டுச் சுருக்கங்களை மறைத்துவிடுவார்கள். நிறத்தையும் நம்ப முடியாது. அந்தக் காலத்துத் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. குங்குமம் கருப்பாக விழும், நீலம் வெளுத்துப் போகும். அரக்குப் புடவையா, கறுப்புப் புடவையா என்று விவாதிப்பதில் பொருளே இல்லை.

துணியின் வெட்டு பொய் சொல்லாது. தோளில் கொசுவி எழும்பிய கை, கழுத்தை ஒட்டி லேஸ், மணிக்கட்டுக்கு மேல் ஒரு பட்டி. ஐரோப்பாவில் இப்படிப்பட்ட உப்பிய கை உச்சத்தில் இருந்தது 1895 வாக்கில். அது இங்கே வந்து ரவிக்கையில் ஏறி, நெடுநாள் தங்கிவிட்டது. ஆகவே 1910 என்று வீட்டார் சொன்னதில் தப்பில்லை, ரவிக்கையைப் பொறுத்தவரை.

அக்குளுக்குக் கீழே படத்தைக் கொண்டுபோனபோது வாணியின் கை நின்றது. பக்கத் தையலை ஒட்டி விரலகலத்துக்கு ஒரு பட்டை, சுற்றியிருந்த துணியைவிட அழுத்தமான நிறத்தில் மேலிருந்து கீழே ஓடியது. அதன் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள். பழைய தையல் இருந்த தடம். தினம் பார்க்கிற காட்சி அது. உடம்பு பெருத்த பிறகு உள்ளே மடித்து வைத்திருந்த துணியைப் பிரித்து விட்டுத் தைப்பார்கள். வெயிலும் வெளுப்பும் படாமல் உள்ளே கிடந்த பாகம் மட்டும் பழைய நிறத்தில் நிற்கும். அப்படி வேறுபாடு தெரிய அந்த ரவிக்கை பல வருஷம் உழைத்திருக்க வேண்டும். ஸ்டூடியோவுக்குப் போகிறவள் இருப்பதில் நல்லதைத்தான் எடுத்து உடுத்துவாள். பெட்டியிலேயே நல்லது அதுவாக இருந்திருக்கிறது.

உடையை வைத்து 'இதற்கு முன்னால் இல்லை' என்று சொல்லலாம். 'இதற்குப் பின்னால் இல்லை' என்று சொல்ல முடியாது. வீட்டார் ரவிக்கை பிறந்த வருஷத்தையே படம் பிறந்த வருஷமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது காசுமாலை. கோத்திருந்தவை அசல் பவுன்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8 கிராம். சிலவற்றில் குதிரைவீரன் தெரிந்தான், சிலவற்றில் முகம். பவுனில் விக்டோரியா ராணி இடப்பக்கம் பார்ப்பாள். அவளுக்குப் பின் வந்த ஏழாம் எட்வர்டின் முகம் 1902 முதல் பவுனில் வந்தது; அவர் வலப்பக்கம் பார்ப்பார். ஐந்தாம் ஜார்ஜ் 1911 முதல் மறுபடியும் இடப்பக்கம். ஆட்சி மாறும்போது முகம் திரும்புவது அவர்கள் வழக்கம். தையல்நாயகியின் மார்பில் வலப்பக்கம் பார்த்த தாடி முகங்கள் இரண்டு இருந்தன. படம் இடம் வலமாகப் புரட்டி அச்சானதோ என்று வாணி ஒரு கணம் சந்தேகப்பட்டாள். முந்தானை இடத்தோளில்தான் விழுந்திருந்தது. புரளவில்லை.

பிறகு எண்ணினாள். மரகதத்தின் படத்தில் முப்பது காசு. தாயின் படத்தில் இருபத்து நான்கு.

மறைந்திருக்குமோ என்று மீண்டும் எண்ணினாள். இல்லை. மாலை முழுவதும் புடவைக்கு மேலே கிடந்தது. இரண்டிரண்டு காசுகளுக்கு நடுவே இடைவெளி கூடியிருந்தது. இருப்பதைப் பரப்பிக் கோத்திருக்கிறார்கள்.

அந்த வாரக் கடைசியில் மடிக்கணினியோடு பெரியப்பா வீட்டுக்குப் போனாள்.

"இருபத்து நான்கு முந்தி, முப்பது பிந்தி," என்றார் பெரியப்பா, அவள் முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள். "முதலில் இருபத்து நான்கு போட்டிருப்பார்கள். பெண் கல்யாணத்துக்கு ஆறு சேர்த்திருப்பார்கள். இதில் என்ன இருக்கிறது?"

"சீர்ப் பட்டியல் உங்களிடம்தானே இருக்கிறது பெரியப்பா?"

அவர் சற்று நேரம் அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். தையல்நாயகிக்கு அவள் பிறந்த வீட்டார் போட்டு அனுப்பியதை எழுதிய தாள், நான்காக மடித்து, பத்திரங்களோடு இருந்தது. குரோதி வருஷம், ஆவணி. 1904. பெரியப்பாவே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "அட்டிகை ஒன்று. ஒட்டியாணம் ஒன்று. காசுமாலை ஒன்றுக்குப் பவுன் முப்பது. இதில் ராணி முகம் இருபத்தெட்டு, ராஜா முகம் இரண்டு."

படித்து முடித்தபின் தாளை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"1904-இல் முப்பது. 1919-இல் மரகதம் அத்தைப்பாட்டி கழுத்தில் முப்பது. இந்தப் படத்தில் இருபத்து நான்கு," என்றாள் வாணி. "நடுவில் குறைந்து மறுபடி கூடியது என்றும் சொல்லலாம். அதனால் இதை மட்டும் வைத்து நான் பேசவில்லை. திரையைப் பாருங்கள்."

"என்ன திரை?"

"அவர்களுக்குப் பின்னால் தொங்குகிற சித்திரத் திரை. இரண்டு படத்திலும் ஒன்றுதான்."

அதுவரை அவர்கள் வீட்டில் யாரும் அதைப் பார்த்ததாக வாணிக்குத் தோன்றவில்லை. பார்ப்பதற்கு மனிதர்கள் இருக்கும்போது திரையை யார் பார்ப்பார்கள்? கைப்பிடிச் சுவர், அதன்மேல் பூச்சாடி, பின்னால் ஏரி, ஏரிக்கு அப்பால் இந்த நாட்டிலேயே இல்லாத மரங்கள், மேலே மேகம். கேமராவின் கூர்மை முன்னால் இருப்பவர்கள்மேல் இருந்ததால் திரை சற்று மங்கியிருந்தது. அப்படி மங்க வேண்டும் என்றுதான் அதை வரைவார்கள். ஆனாலும் பூச்சாடியில் இருந்து தொங்கிய கொடியின் இலைகளைக்கூட ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பார்க்க முடிந்தது.

"இது மரகதம் அத்தைப்பாட்டி படம். மேகத்தைப் பாருங்கள். சுத்தமாக இருக்கிறது. இது கொள்ளுப்பாட்டியின் படம். மேகத்திலிருந்து ஏரி வரைக்கும் ஒரு கோடு, வளைந்து வளைந்து இறங்குகிறது பாருங்கள்."

"நீர்க்கறை," என்றார் பெரியப்பா உடனே. மழையில் நனைந்த ஆவணங்களோடு வாழ்ந்தவர்.

"கூரை ஒழுகியிருக்கும். இங்கே, கைப்பிடிச் சுவரில், கிழிசலை ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். தூணின் கோடு விலகி நிற்கிறது."

பெரியப்பா விடவில்லை. பத்திரத்தில் தேதி திருத்தியவர்களை எதிர்கொண்ட பழக்கம் அவருடையது. "கறை பட்ட திரையை மறுபடி வரைந்து சுத்தமாக்கியிருக்கலாம். அப்படியானால் சுத்தமான படம்தான் பிந்தியது."

"வரைந்தால் மேகம் மாறிவிடும். எந்த ஓவியனும் அதே மேகத்தை அதே தூரிகை வீச்சில் இரண்டாம் முறை போட முடியாது. இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறேன்."

வைத்தாள். மேகங்கள் ஒன்றோடு ஒன்று படிந்தன. கறை மட்டும் தனியாக நின்றது. சாயத்துக்கு மேல் நீர் இறங்கிய தடம். அடியில் அதே பழைய வீச்சு. பெரியப்பா தானே விசையைத் தட்டி, கீழ்ப்படம் மேற்படமாக மாற்றி மாற்றிப் பார்த்தார். வாணி ஒன்றும் சொல்லவில்லை. அவர் முடிவுக்கு அவரே வர வேண்டும்.

"அப்படியானால், 1919-க்குப் பிறகு இது எங்கள் பாட்டி கழுத்தில் இருந்திருக்கிறது," என்றார் கடைசியில்.

"ஆமாம். அத்தைப்பாட்டி திருப்பிக் கொடுத்திருக்கிறார்."

"ஆறு காசு எங்கே?"

வாணி அதற்குப் பதில் தயாராக வைத்திருக்கவில்லை. காசு போன இடத்தைப் படத்தில் தேட முடியாது.

பெரியப்பா சீர்ப் பட்டியலை இன்னும் கையில்தான் வைத்திருந்தார். பத்திரக் கட்டைப் பிரித்து எதையோ தேடினார். அவருடைய அப்பாவின் கல்லூரிச் சம்பள ரசீதுகள் ஒரு நூலில் கட்டியிருந்தன. 1926-இல் தொடங்கி 1930 வரை. அவற்றை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார். இடையிடையே அடகுக்காரர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டுகள் இருந்தன. இத்தனை வருஷமாக அவை ரசீதுகளோடு ரசீதாக நூலில் கோத்துக் கிடந்திருக்கின்றன. 'பவுன் ஒன்று.' 'பவுன் இரண்டு.' மீட்டதாக எந்தச் சீட்டிலும் குறிப்பு இல்லை. முப்பதும் போய் முடிவது வரை சீட்டுகள் இருந்தன.

"ஆறாவது காசு 1927 மார்கழியில் போயிருக்கிறது," என்றார் பெரியப்பா. "ஏழாவது 1928 ஆனியில்."

"அப்படியானால் படம் அந்த ஆறு மாதத்துக்குள்," என்றாள் வாணி. அவள் குரல் நடுங்கியது. ரவிக்கையும் திரையும் சேர்ந்துகூட இவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவந்திருக்க முடியாது. மிச்சமும் போகப் போகிறது என்று அறிந்து தையல்நாயகி ஸ்டூடியோவுக்குப் போயிருக்க வேண்டும். அதை நிரூபிக்க முடியாது. ஆனால் வாணி அதை நம்பினாள்.

"என் அப்பா படித்த படிப்பு இது," என்றார் பெரியப்பா. "அதை வைத்துத்தான் நாங்கள் எல்லோரும். அவரே அக்காளைப் பற்றி அப்படிப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?"

வாணி பதில் சொல்லவில்லை. அவர் அவளிடம் கேட்கவும் இல்லை.

"மரகதம் அத்தையின் பேத்தி, கோதையோ என்னவோ பெயர். எண் உன்னிடம் இருக்கிறதா?"

இருந்தது. பெரியப்பா எழுந்து நின்றுகொண்டு பேசினார். யார் என்று சொன்னார். உடல்நலம் எதுவும் விசாரிக்காமல் நேராக விஷயத்துக்கு வந்தார். "காசுமாலையை உன் பாட்டி திருப்பிக் கொடுத்துவிட்டாள். என்னிடம் ஆதாரம் இருக்கிறது."

மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு கோதையின் குரல் வாணிக்கும் கேட்டது.

"அது எங்களுக்கு எப்போதும் தெரியும், மாமா."

"தெரியும். எங்களுக்குத்தான் தெரியவில்லை," என்றார் பெரியப்பா. "ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பீர்களா? நான் வருகிறேன். சீட்டுகளையும் படத்தையும் கொண்டுவருகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் இருக்கும்போது சொல்ல வேண்டும்."