ஆடிப் பண்டிகை வாழ்த்து, லீவு விவரம், அப்புறம் ஒரு சின்ன விஷயம்

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். ஆடிப் பண்டிகை வாழ்த்துகள். கோட்டை மாரியம்மன் எல்லார் வீட்டுப் பிள்ளைகளையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

செவ்வாய் சாயங்காலம் முதல் வியாழன் வரை டியூஷன் லீவு. புதன்கிழமை எப்படியும் உள்ளூர் விடுமுறை, பொங்கல் வைக்கிற நாளில் நான் கிளாஸ் வைத்தாலும் யார் வரப்போகிறார்கள்! எட்டாவது படிக்கிற ஒருத்தன் குகை வண்டி வேடிக்கையில் முருகர் வேஷம் கட்டப் போகிறானாம், மூன்று நாளாக அல்ஜீப்ரா நடுவில் எழுந்து எழுந்து வேலை எந்தக் கையில் பிடிப்பது என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான். லீவில் ஹோம்வொர்க் கிடையாது, வாய்ப்பாடு மட்டும் ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள் போதும்.

அப்புறம் ஃபீஸ் விஷயம். பண்டிகை நேரத்தில் இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் 10ஆம் தேதி டியூஷன் ரூம் வாடகை கொடுக்க வேண்டும், கரண்ட் பில்லும் வந்துவிட்டது, அதனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில வீடுகளில் ஜூலை மாத 700 ரூபாய் இன்னும் வரவில்லை, இரண்டு வீடுகளில் ஜூனும் சேர்ந்திருக்கிறது. வேலை மும்முரத்தில் மறந்திருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். முடிந்தவர்கள் 10ஆம் தேதிக்குள் வழக்கமான நம்பருக்கே ஜிபே பண்ணிவிட்டுப் பிள்ளை பெயரை ஒரு வரி போட்டுவிடுங்கள். கட்டிவிட்டவர்கள் இந்தப் பத்தியைக் கண்டுகொள்ள வேண்டாம், உங்களுக்கு என் நன்றி.

ஆடியில் தறி எப்படி ஓடும், வெள்ளிப் பட்டறையில் வேலை எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும், எங்கள் அப்பாவும் தறி ஓட்டித்தான் என்னைப் படிக்க வைத்தார். சனிக்கிழமை கூலி வந்ததும் பாதி, மீதி அடுத்த மாதம் என்றாலும் சரி. தனியாக ஒரு போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள், அது நம் இரண்டு பேருக்குள் இருக்கும்.

ஒன்று மட்டும், பணத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். போன மாதம் ஒரு குழந்தை 500 ரூபாய் நோட்டை நாலாக மடித்து ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்குக் கீழே வைத்துவிட்டு, எங்கே வைத்தோம் என்று மறந்து ஒரு மணி நேரம் அழுதது. பாக்ஸைக் கொட்டித் தேடி எடுத்துக் கொடுத்தோம், ஆனால் அன்றைக்குப் பாடம் ஒன்றும் ஏறவில்லை. ஃபீஸைப் பற்றி நான் பிள்ளைகளிடம் எப்போதும் கேட்கமாட்டேன், நீங்களும் அவர்களிடம் சொல்லி அனுப்ப வேண்டாம்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல 5.30க்கு கிளாஸ் உண்டு. ஏழாவது பிள்ளைகள் பாகைமானி கொண்டுவர வேண்டும். ஞாயிறு கூழ் ஊற்றுகிற வீட்டுக்காரர்கள் எனக்கும் ஒரு சொம்பு எடுத்து வையுங்கள், முருங்கைக்கீரைப் பொரியல் இருந்தால் கட்டாயம் வருவேன்.

உங்கள் டியூஷன் மிஸ்,
தாதகாப்பட்டி