இன்று பிற்பகல் 3 மணி காணொளி நேர்காணல்: வேறு நாள் கோரி மறுமொழி

மதுரை
23 அக்டோபர் 2025, வியாழன், பிற்பகல் 2.20

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனம் ஆள் சேர்த்துத் தரும் ஜெர்மனி மருத்துவமனையின் செவிலியர் துறைத் தலைவர் இன்று பிற்பகல் 3 மணிக்கு என்னுடன் காணொளியில் பேச விரும்புவதாகத் தாங்கள் 1.50 மணிக்கு அனுப்பிய மின்னஞ்சலைச் சற்று முன்புதான் பார்த்தேன். இந்த வாய்ப்பில் எனக்கு முழு விருப்பம் உண்டு. ஆனால் இன்றைய அழைப்பில் என்னால் கலந்துகொள்ள இயலாது. அவர் திரைக்கு முன்னால் வீணாகக் காத்திருக்க நேரக் கூடாது என்பதால் காரணங்களுக்கு முன்பாக இதைத் தெரிவிக்கிறேன். இதே செய்தியை இரண்டு வரிகளில் தங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

இந்த வாரம் எனக்கு நைட் டியூட்டி. நேற்று இரவு 8 மணிக்கு ஐ.சி.யூ.வில் பொறுப்பேற்று, இன்று காலை 8 மணிக்குப் பகல் பணியினரிடம் ஹேண்டோவர் கொடுத்து முடித்து, விடுதிக்கு வந்து உறங்கியிருந்தேன். தீபாவளியை ஒட்டி விடுப்பில் சென்றவர்கள் இன்னும் முழுமையாகத் திரும்பாததால், வென்டிலேட்டரில் உள்ள நோயாளிகளை வழக்கத்தைவிடக் குறைவான பேர்தான் பார்த்துக்கொள்கிறோம். இன்று இரவு 8 மணிக்கு மீண்டும் பணி இருக்கிறது. பன்னிரண்டு மணி நேர இரவுப் பணிக்கும் அடுத்த இரவுப் பணிக்கும் நடுவே, உறக்கத்திலிருந்து எழுந்த அரை மணி நேரத்தில் ஒருவர் நேர்காணலுக்கு அமர்ந்தால், அவருடைய மொழியறிவையோ பணியறிவையோ எதிரில் இருப்பவர் சரியாக அளந்துவிட முடியாது. அந்தத் துறைத் தலைவரும் செவிலியர் என்பதால் இதை அவரிடம் விளக்க வேண்டிய தேவை தங்களுக்கு இருக்காது என்று நம்புகிறேன்.

இடமும் ஒரு சிக்கல். நான் தங்கியிருப்பது மருத்துவமனை விடுதியில். என் அறையில் உள்ள மற்ற இருவரும் நைட் டியூட்டி முடித்து இப்போது உறங்குகிறார்கள். வெளிநாட்டு வேலைக்கு நான் விண்ணப்பித்திருப்பது இங்கே யாருக்கும் தெரியாது. பணிநியமனக் கடிதம் கையில் வரும்வரை தெரிய வேண்டாம் என்பது என் விருப்பம். விடுதித் தாழ்வாரத்தில் நின்று ஜெர்மன் மொழியில் நேர்காணல் கொடுத்தால், மாலைக்குள் நர்சிங் சூப்பரிண்டெண்ட் வரை செய்தி போய்விடும். நேர்காணல் நாளன்று அண்ணா நகரில் உள்ள என் சித்தி வீட்டிலிருந்து பேசுவேன். அங்கே தனி அறையும் பிராட்பேண்ட் இணைப்பும் உள்ளன.

நான் பேசக்கூடிய நேரங்களைத் தெரிவிக்கும் முன் நேரக் கணக்கைப் பற்றி ஒரு சொல். வரும் ஞாயிறு, 26ஆம் தேதி அதிகாலையில் ஜெர்மனியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புகிறார்கள். இன்றைய நிலையில் நாம் அவர்களைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். திங்கள் முதல் நாலரை மணி நேரம் முன்னால் இருப்போம். ஆகவே தங்கள் அழைப்பு இணைப்பை மறுபடியும் உருவாக்கும்போது பழைய கணக்கில் நேரத்தைக் குறித்துவிடாமல் இருக்க, இரண்டு நாட்டு நேரத்தையும் தருகிறேன்.

27ஆம் தேதி, திங்கள்: காலைப் பணி 2 மணிக்கு முடிவதால், இந்திய நேரம் பிற்பகல் 3.30 முதல் 6 வரை, அதாவது ஜெர்மனியில் முற்பகல் 11 முதல் பிற்பகல் 1.30 வரை.

28ஆம் தேதி, செவ்வாய்: எனக்கு வார ஆஃப். இந்திய நேரம் பிற்பகல் 1.30 முதல் மாலை 6 வரை எப்போது வேண்டுமானாலும் பேசலாம். ஜெர்மனியில் அது காலை 9 முதல் பிற்பகல் 1.30 வரை. மூன்றில் எனக்கு மிகவும் உகந்தது இந்த நாள்தான்.

29ஆம் தேதி, புதன்: திங்கட்கிழமைக்குச் சொன்ன அதே நேரம்.

இவற்றில் எதுவும் அவருக்கு ஒத்துவராவிட்டால், அவருக்கு வசதியான இரண்டு நேரங்களைத் தெரிவியுங்கள். ரோஸ்டரில் தோழி ஒருவருடன் பணியை மாற்றிக்கொள்ள முடியுமா என்று பார்க்கிறேன். அதற்கு 48 மணி நேரமாவது முன்னறிவிப்பு வேண்டும், ஏனென்றால் ஐ.சி.யூ.வில் பணி மாற்றத்துக்கு எழுத்து மூலமான ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கிறது.

நேர்காணல் எந்த மொழியில், எவ்வளவு நேரம் நடக்கும் என்பது தங்கள் மின்னஞ்சலில் இல்லை. சென்னை கெத்தே நிறுவனத்தில் ஜெர்மன் மொழிக்கான பி1 தேர்வின் நான்கு பகுதிகளிலும் தேறியிருக்கிறேன்; தேர்ச்சிக்கு ஒவ்வொன்றிலும் 60 தேவை, பேச்சுப் பகுதியில் எனக்குக் கிடைத்தது 84. இப்போது பி2 வகுப்பில் இருக்கிறேன். அன்றாட உரையாடலும் நோயாளியின் நிலையை விவரிப்பதும் எனக்கு இயலும். ஆனால் மருந்தளவு, செயற்கைச் சுவாசக் கருவியின் அளவீடுகள், நோயாளி ஒப்படைப்பு போன்றவற்றை ஜெர்மன் மொழியில் கேட்கப்போகிறார்கள் என்றால், அதை முன்கூட்டியே தெரிவித்தால் அந்தச் சொற்களில் பயிற்சி எடுத்துக்கொண்டு வருவேன். கேள்விகளைக் கேட்கவில்லை, எந்தப் பொருளில் பேசுவோம் என்பதை மட்டுமே கேட்கிறேன்.

அழைப்பில் யார் யார் இருப்பார்கள், மருத்துவமனை எந்த ஊரில், எந்த மாநிலத்தில் உள்ளது, எந்தப் பிரிவில் இடம் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள். தங்கள் மின்னஞ்சலில் ‘முன்னணி மருத்துவமனை’ என்று மட்டுமே இருந்தது. மாநிலத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு: என் செவிலியர் படிப்பை அங்கே அங்கீகரிக்கும் அதிகாரம் அந்தந்த மாநில அலுவலகத்திடம் இருக்கிறது. அந்த அலுவலகம் என் பாடத்திட்டத்தை ஒப்பிட்டுக் குறைபாடுகளைக் குறித்துத் தரும் ஆணையைப் பொறுத்தே நான் தகவமைப்புப் பயிற்சிக்குப் போவதா, அறிவுத் தேர்வுக்குப் போவதா என்பது முடிவாகும். அந்த விண்ணப்பத்தைத் தாங்கள் தொடங்கிவிட்டீர்களா, அல்லது நேர்காணலுக்குப் பிறகுதான் தொடங்குவீர்களா? அங்கீகாரம் கிடைக்கும்வரை உதவியாளர் நிலையில் பணியாற்ற வேண்டியிருக்கும் என்று அறிந்திருக்கிறேன். அந்தக் காலத்துக்கான மாதச் சம்பளம், அங்கீகாரத்துக்குப் பிந்தைய சம்பளம், வாரப் பணிநேரம், இவை அங்குள்ள பொதுத்துறை ஊதிய ஒப்பந்தத்தின்படி அமைந்தவையா என்பது, ஆகிய விவரங்களை நேர்காணலுக்கு முன்பே எழுத்தில் பெற விரும்புகிறேன். துறைத் தலைவரிடம் பேசக் கிடைக்கும் நேரத்தைச் சம்பளக் கணக்கில் செலவழிப்பதைவிட, வார்டில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள், புதியவர்களுக்கு வழிகாட்ட யாரை நியமிக்கிறார்கள் என்று கேட்பதில் செலவழிக்கவே விரும்புகிறேன்.

அழைப்புக்கு முன்பாகக் கடவுச்சீட்டின் எல்லாப் பக்கங்களையும், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமப் பதிவுச் சான்றிதழையும், ஆதார் நகலையும் அனுப்பும்படி கேட்டிருக்கிறீர்கள். முகம் பார்த்துப் பேசும் நேர்காணலுக்கு இவ்வளவும் தேவையில்லை என்பது என் கருத்து. பதிவுச் சான்றிதழின் நகலையும் பி1 சான்றிதழின் நகலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்; அசல்கள் என்னிடமே இருக்கின்றன, நேர்காணலின்போது கேமராவில் காட்டத் தடையில்லை. கடவுச்சீட்டை நேர்காணலுக்குப் பிறகு, பணிநியமன முன்மொழிவு வந்ததும் அனுப்புகிறேன். ஆதாரை ஜெர்மன் மருத்துவமனை எதற்குப் பயன்படுத்தும் என்பது எனக்குப் புரியவில்லை. காரணத்தைத் தெரிவித்தால் முடிவு செய்கிறேன். அழைப்பைப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதனுடன் தொடர்புடைய இன்னொன்று. 1983ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் நிறுவனம் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பணியாளரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் 30,000 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. என்று உச்சவரம்பு உண்டு. தங்கள் பதிவு எண்ணைத் தெரிவித்தால் www.emigrate.gov.in தளத்தில் சரிபார்த்துக்கொள்வேன். வெளிநாட்டுச் செவிலியரை நியாயமாகப் பணியமர்த்தும் நிறுவனங்களுக்கு ஜெர்மன் அரசு வழங்கும் தர முத்திரை தங்களிடமோ தங்கள் ஜெர்மன் கூட்டாளியிடமோ உள்ளதா என்பதையும் அறிய விரும்புகிறேன். அந்த முத்திரை உள்ள இடங்களில் ஆள் சேர்ப்புச் செலவை முதலாளியே ஏற்க வேண்டும் என்பது விதி. தங்கள் மீது ஐயம் கொண்டு இதைக் கேட்பதாக எண்ண வேண்டாம். ஊரில் என் தந்தை கேட்கப்போகும் முதல் கேள்வி இதுதான். அவரிடம் காட்ட என் கையில் ஒரு விடை இருக்க வேண்டும்.

‘இன்று கலந்துகொள்ளாதவர்களின் விண்ணப்பம் அடுத்த தொகுதிக்கு மாற்றப்படலாம்’ என்று மின்னஞ்சலின் இறுதியில் குறிப்பிட்டிருந்தீர்கள். அடுத்த தொகுதி எப்போது என்று தெரியாத நிலையில் அந்த வரி என்னைக் கவலைப்படவே வைத்தது. இருந்தும், ஆகஸ்டில் நான் அனுப்பிய விண்ணப்பத்துக்கு அக்டோபர் கடைசியில் வந்திருக்கும் முதல் நேர்காணல் இது. இத்தனை வாரம் பொறுத்த விண்ணப்பம் இன்னும் நான்கைந்து நாள் பொறுக்கும் என்றே நினைக்கிறேன். என் வேண்டுகோளைத் தாங்களாகவே முடிவு செய்துவிடாமல், நான் கொடுத்திருக்கும் மூன்று நாட்களையும் அந்தத் துறைத் தலைவரிடம் சேர்ப்பித்து, அவருடைய பதிலைத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இன்றைய அழைப்பைத் தவிர்ப்பது என் விருப்பமின்மையால் அன்று, இரவுப் பணியால்தான் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். தேவைப்பட்டால் அவருக்கு ஜெர்மன் மொழியில் நானே நான்கு வரி எழுதித் தருகிறேன். தாங்கள் அதை அப்படியே அனுப்பிவிடலாம்.

என்னைத் தொடர்புகொள்ள இந்த மின்னஞ்சலே நல்லது. இன்று மாலை 6 மணி வரை கைப்பேசியிலும் பேசலாம். அதன் பிறகு பணிக்குக் கிளம்பிவிடுவேன், ஐ.சி.யூ.வுக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லாததால் அது காலை வரை லாக்கரில் இருக்கும். மருத்துவமனையின் பொது எண்ணுக்கோ விடுதி எண்ணுக்கோ தயவுசெய்து அழைக்க வேண்டாம். நாளை காலை 9 மணிக்கு விடுதிக்குத் திரும்பியதும், உறங்கப் போகும் முன் மின்னஞ்சலைப் பார்த்துப் பதில் எழுதுவேன்.

தங்கள் உண்மையுள்ள,
செ. முத்துலட்சுமி
ஸ்டாஃப் நர்ஸ், தீவிர சிகிச்சைப் பிரிவு

இணைப்பு: பதிவுச் சான்றிதழ் நகல், பி1 தேர்ச்சிச் சான்றிதழ் நகல்