குழந்தைகள் வார்டு, படுக்கை 7: காய்ச்சலும் நீர்ச்சத்து இழப்பும் உள்ள குழந்தைக்கான செவிலியர் பராமரிப்புத் திட்டம்

நாள்: 17.10.2024. சேர்த்த நேரம்: காலை 10.00
பெண் குழந்தை, 1 வயது 8 மாதம். எடை 10.0 கிலோ (ஆடை, டயப்பர் இல்லாமல்).
மருத்துவர் எழுதிய நோயறிதல்: வயிற்றுப்போக்குடன் காய்ச்சல், மிதமான நீர்ச்சத்து இழப்பு.

நிலை மதிப்பீடு

இரண்டு நாளாகத் தண்ணீராகப் போகிறது. நேற்று மாலையிலிருந்து மட்டும் ஏழு முறை, வாந்தி மூன்று முறை. மலத்தில் ரத்தம் இல்லை. கடைசியாகச் சிறுநீர் எப்போது போனது என்று அம்மாவுக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "விடியக்காலை டயப்பர் லேசா நனைஞ்சிருந்துச்சு" என்கிறார். ஓ.ஆர்.எஸ். கொடுத்திருக்கிறார், ஆனால் ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரே டம்ளர் தண்ணீரில் கரைத்து! உப்பு கூடியிருக்கலாம் என்பதால் இதை மருத்துவரிடம் உடனே சொல்லியாகிவிட்டது. ரத்த முடிவு: சோடியம் 143, பொட்டாசியம் 3.4, சர்க்கரை 84.

வெப்பம் 102.6°F, நாடி 148, சுவாசம் 38. கண் குழிந்திருக்கிறது, வாய் உலர்ந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் குறைவு. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் திரும்புகிறது, ஆனால் இரண்டு விநாடிக்குள். எரிச்சலோடு அழுகிறாள், டம்ளரைக் காட்டினால் ஆவலாகக் குடிக்கிறாள். மயக்கம் இல்லை, கை கால் சூடாக இருக்கின்றன. உச்சிக்குழி மூடிவிட்டதால் அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

அங்கன்வாடி அட்டையில் இரண்டு வாரம் முன்பு 10.6 கிலோ. தராசு வேறு என்றாலும் 600 கிராம் குறைவு, அதாவது ஏறக்குறைய 6 சதவீதம், கண்ணில் தெரியும் அறிகுறிகளோடு பொருந்துகிறது.

1. நீர்ச்சத்துக் குறைவு (வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல் காரணமாக)

இலக்கு: நான்கு மணி நேரத்தில் கண் குழிவும் தாகமும் குறைய வேண்டும், சிறுநீர் மணிக்கு 10 மி.லி.க்குக் குறையாமல் (கிலோவுக்கு 1 மி.லி.) போக வேண்டும்.

கிலோவுக்கு 75 மி.லி. கணக்கில் ஓ.ஆர்.எஸ். 750 மி.லி., காலை 10.30 முதல் 2.30 வரை. பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து, ஜாடியின் மேல் நேரம் எழுதவும். 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடவும். பால்புட்டி வேண்டாம். ஒன்று இரண்டு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன் வீதம் அம்மாவே கொடுக்கட்டும். குழந்தை அவசரப்படுகிறாள் என்று டம்ளரோடு கொடுத்தால் வாந்திதான் வரும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் நிறுத்தி, அப்புறம் இன்னும் மெதுவாகத் தொடரவும். கண் இமை வீங்கினால் ஓ.ஆர்.எஸ்.ஸை நிறுத்தி வெறும் தண்ணீரோ தாய்ப்பாலோ கொடுத்து, மருத்துவரிடம் சொல்லவும்.

2.30க்குப் பிறகு ஒவ்வொரு தண்ணீர்ப்போக்குக்கும் 50 முதல் 100 மி.லி. ஓ.ஆர்.எஸ்.

சோர்ந்து படுத்துவிட்டாலோ, குடிக்க மறுத்தாலோ, கிள்ளிய தோல் திரும்ப இரண்டு விநாடிக்கு மேல் ஆனாலோ காத்திருக்க வேண்டாம். மருத்துவரை அழைத்து ஐ.வி.க்குத் தயாராகவும்: ரிங்கர் லாக்டேட் முதல் 30 நிமிடத்தில் 300 மி.லி., அடுத்த இரண்டரை மணி நேரத்தில் 700 மி.லி. என்பதுதான் வார்டு நெறிமுறை.

2. உடல் வெப்பம் கூடியிருத்தல்

பாராசிட்டமால் 150 மி.கி. (கிலோவுக்கு 15 மி.கி.), ஆறு மணி நேர இடைவெளியில், தேவைப்பட்டால் மட்டும். அலமாரியில் 125, 250 என்று இரண்டு வகை சிரப் இருக்கிறது, புட்டியும் ஒரே மாதிரி. 5 மி.லி.யில் 125 மி.கி. என்றால் 6 மி.லி.; 250 என்றால் 3 மி.லி. லேபிளைப் படிக்காமல் ஊற்றக் கூடாது.

உடையைத் தளர்த்தி, மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் போதும். துடைப்பதென்றால் மருந்து கொடுத்த பிறகு வெதுவெதுப்பான நீரில். ஐஸ் தண்ணீர் கூடாது, நடுங்கினால் வெப்பம் இன்னும் ஏறும். மழைக்காலம் என்பதால் டெங்கு பரிசோதனைக்கு ரத்தம் போயிருக்கிறது. முடிவு வரும்வரை ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் எதுவும் கிடையாது. தசை ஊசியும் வேண்டாம்.

3. உணவு, தோல், அம்மாவின் பதற்றம்

தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். நான்கு மணி நேரம் முடிந்ததும் உப்புப் போட்ட கஞ்சி, குழைந்த தயிர்சாதம். பாட்டி "வயித்தைக் காயப் போடணும்" என்கிறார். அவரை ஒதுக்காமல், அவர் கையாலேயே கஞ்சி ஊட்டச் சொன்னது வேலை செய்தது. ஜிங்க் 20 மி.கி. மாத்திரை, ஒரு ஸ்பூன் தாய்ப்பாலில் கரைத்து, தினம் ஒன்று, 14 நாள். போக்கு நின்றாலும் நிறுத்தக் கூடாது என்று வீட்டுக்குப் போகும்போது மறுபடி சொல்லவும்.

ஆசனவாயைச் சுற்றிச் சிவந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் தண்ணீரால் கழுவி, ஒற்றி உலர்த்தி, துத்தநாகக் களிம்பு.

உட்கொள்ளல், வெளியேற்றம்: அட்டவணை (அளவு மி.லி.)

உலர்ந்த டயப்பர் 25 கிராம். நனைந்ததின் எடையிலிருந்து அதைக் கழிக்கவும்; 1 கிராம் = 1 மி.லி. சிறுநீரும் மலமும் கலந்திருந்தால் மலத்தில் சேர்த்து "க" என்று குறிக்கவும். "நிறைய போனாள்" என்ற குறிப்பால் இரவு டியூட்டி சிஸ்டருக்கு ஒரு பயனும் இல்லை.

| நேரம் | உள்ளே | அளவு | சிறுநீர் | மலம் | வாந்தி | வெப்பம், குறிப்பு |
|---|---|---|---|---|---|---|
| 10.30–11.30 | ஓ.ஆர்.எஸ். | 150 | – | – | 30 | 10.20க்கு பாராசிட்டமால், 11.30க்கு 101.0°F |
| 11.30–12.30 | ஓ.ஆர்.எஸ். | 190 | – | 80 (க) | – | வாந்தி இல்லை |
| 12.30–1.30 | ஓ.ஆர்.எஸ். | 210 | 45 | – | – | தாய்ப்பால் 10 நிமிடம். சிறுநீர் அடர் மஞ்சள் |
| 1.30–2.30 | ஓ.ஆர்.எஸ். | 200 | – | 60 | – | 100.2°F |
| 2.30–4.30 | ஓ.ஆர்.எஸ். 70, கஞ்சி 80 | 150 | 60 | – | – | 102.0°F, 4.30க்கு பாராசிட்டமால் |
| 4.30–6.30 | ஓ.ஆர்.எஸ். 80, கஞ்சி 100 | 180 | 55 | 50 | – | தயிர்சாதம் 3 ஸ்பூன் |
| 6.30–8.30 | தண்ணீர் | 60 | 70 | – | – | 99.8°F; தாய்ப்பால் 15 நிமிடம் |
| மொத்தம் | | 1140 | 230 | 190 | 30 | |

வெளியேற்றம் மொத்தம் 450, மீதம் +690. தாய்ப்பாலும் தயிர்சாதமும் இதில் சேரவில்லை. காய்ச்சலில் தோல், மூச்சு வழியாகப் போகும் நீரும் சேரவில்லை. அதனால் இந்த மீதத்தை எடையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இரவு 8.30க்கு எடை 10.5 கிலோ.

மதிப்பாய்வு

பிற்பகல் 2.30: கண் குழிவு குறைந்தது, தோல் உடனே திரும்புகிறது, டம்ளரைப் பிடுங்குவதில்லை. மருத்துவர் பார்த்து, ஐ.வி. தேவையில்லை, வாய்வழி தொடரலாம் என்றார்.

இரவு 8.30: சிறுநீர் பத்து மணி நேரத்தில் 230 மி.லி., மணிக்கு 23, கிலோவுக்கு 2.3. நிறம் வெளிர் மஞ்சள். நாடி 118, சுவாசம் 30. நீர்ச்சத்து இலக்கு எட்டியது. காய்ச்சல் இன்னும் முழுதாக அடங்கவில்லை, மாலையில் திரும்ப ஏறியிருக்கிறது.

அம்மா ஒரு லிட்டர் பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் காட்டினார், சரியாக இருந்தது.

இரவு டியூட்டிக்கு

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பம், நாடி, சுவாசம். அடுத்த பாராசிட்டமால் இரவு 10.30க்கு முன் கிடையாது. ஆறு மணி நேரம் சிறுநீர் இல்லையென்றால் பணி மருத்துவரை அழைக்கவும். தூங்கும் குழந்தையை ஓ.ஆர்.எஸ்.ஸுக்காக எழுப்ப வேண்டாம், போக்கு போனால் மட்டும் கொடுக்கவும். டெங்கு முடிவு, ரத்த அணு எண்ணிக்கை இரண்டையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கவும். காலை 6 மணிக்கு இதே தராசில், டயப்பர் இல்லாமல் எடை.