குறிப்பாணை: கிராம்பு எண்ணெய், லாட் 0817, அஸ்ஸே ஓ.ஓ.எஸ்.

பெறுநர்: மேலாளர், தரக்கட்டுப்பாடு, நாகர்கோவில் ஆலை
அனுப்புநர்: இளநிலை அனலிஸ்ட், மூலப்பொருள் பிரிவு
தேதி: 13.08.2025

சார்,

மாறாமலைப் பக்கத்திலிருந்து வந்த கிராம்பு எண்ணெய், லாட் 0817, அஸ்ஸேயில் தேறவில்லை. மொத்த ஃபீனால் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கிடைத்தது 81, இணைச் சோதனையில் 82.

நேற்று மாலை 4.30-க்கு இரண்டு காசியா குடுவைகளில் 10 மி.லி. எண்ணெயும் 75 மி.லி. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலும் எடுத்து, 5 நிமிடம் குலுக்கி, கொதிநீரில் 10 நிமிடம் வைத்து, ஆறவிட்டேன். 18 மணி நேரம் கழித்து, இன்று காலை பார்த்தபோது குடுவைக் கழுத்தில் கரையாமல் மிதந்த எண்ணெய் ஒன்றில் 1.9 மி.லி., மற்றொன்றில் 1.8 மி.லி. அனுமதி 1.5 வரைதான். அடுக்கின் கீழ்விளிம்பு நன்றாகத் தெளிந்திருந்தது, பால் போன்ற கலங்கல் இல்லை.

இரண்டு அளவும் ஒத்துப்போவதால் ஆய்வகப் பிழை இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் ஒரே கரைசல் பாட்டிலில், ஒரே வாட்டர் பாத்தில் ஓடியவை. கரைசல் காற்றுப்பட்டு வலுவிழந்திருந்தாலோ, மாலையில் வோல்டேஜ் இறங்கி பாத் முழுக் கொதிக்கு வராமல் இருந்திருந்தாலோ இரண்டும் சேர்ந்தே தவறும். சூடு போதாவிட்டால் யூஜெனைல் அசிடேட் உடையாமல் எண்ணெய் அடுக்கிலேயே நின்றுவிடும், ஃபீனால் குறைந்து தெரியும். ஆனால் ஒப்படர்த்தி 1.039. வரம்பு 1.038 முதல் 1.060 வரை. தேறுகிறது, ஓரத்தில்தான். இதைப் பார்க்கையில் எண்ணெயிலேயே கோளாறு இருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. முடிவாகச் சொல்லவில்லை.

குடுவைகளையும் மிச்சக் கரைசலையும் கொட்டாமல் லேபிள் ஒட்டி வைத்திருக்கிறேன். இன்றே மூத்த அனலிஸ்ட் ஒருவர் அளவை மறுபடி பார்க்க வேண்டும். கரைசலின் வலுவை டைட்ரேஷன் செய்து பார்க்கவும், பாத்தின் வெப்பப் பதிவையும் குடுவைகளின் அளவுத்திருத்தச் சான்றையும் எடுக்கவும் அனுமதி வேண்டும்.

இதில் காரணம் கிடைத்தால் அதை எழுதி வைத்து, புதுக் கரைசலில் அதே மாதிரியை மீண்டும் சோதிக்கலாம். கிடைக்காவிட்டால் எஸ்.ஓ.பி. சொல்லும் எண்ணிக்கையில் வேறு அனலிஸ்ட் மறுசோதனை செய்யட்டும். அந்த முடிவோடு 81, 82-ஐ சராசரி போட்டு 85-க்கு மேல் ஏற்றக் கூடாது, தேறும்வரை திரும்பத் திரும்ப ஓட்டவும் கூடாது. அப்புறம் டிரம்கள்: மாதிரி நான்கு டிரம்மின் கலவை, ஒன்று கெட்டிருந்தால் மற்றவற்றையும் இழுத்திருக்கும். புது மாதிரி எடுக்க உங்கள் கையெழுத்து வேண்டும். எடுத்தால் டிரம் வாரியாகத் தனித்தனியே எடுத்து, வெளி ஆய்வகத்தில் ஜி.சி.யில் காரியோஃபிலீன் அளவையும் பார்த்துவிடலாம்.

லாட் முழுவதும் குவாரண்டைனில் இருக்கிறது. நாளை காலை தைல நிரப்பலுக்கு இதை ஸ்டோரில் கேட்பார்கள். வேறு லாட் எடுத்துக்கொள்ளும்படி உற்பத்திப் பிரிவுக்கு நீங்கள் இன்று மாலைக்குள் சொல்லிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
இளநிலை அனலிஸ்ட்